பாய் விரித்த மாதிரி இருந்த புல்வெளி

புல்தரை போட்டுத் தரும் தொழில் செய்கிற அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். வேலையைத் தொடங்கும் முன், முடிந்தபின் வீட்டு முற்றம் எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு படம் காட்டுவார். அந்தப் படத்தைத் தயார் செய்துகொடுப்பது என் வேலை. பல படங்களைத் திருத்திய அனுபவம் இருந்ததால், இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் அனுப்பிய படத்தில், வீட்டை நோக்கிப் போகும் சிமெண்ட் பாதைக்கு இரண்டு பக்கமும் புல்வெளி இருந்தது. பாதிக்கு மேல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டது, நடுநடுவே வெறும் மண். இடது பக்கத்து மரத்தின் நிழல் புல்லின் மீதும் பாதையின் மீதும் குறுக்கே விழுந்திருந்தது. வலது பக்கம் ஒரு பூந்தொட்டி.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஃபோட்டோஷாப்பில் `Hue/Saturation` போட்டு, பழுப்பைப் பச்சை பக்கம் தள்ளினேன். வைக்கோலுக்குப் பச்சைச் சாயம் பூசியது போல வந்தது. காய்ந்த புல் பச்சைப் புல்லைவிட வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பி அனுப்பும், அதனால் நிறத்தை மட்டும் மாற்றினால் அது மின்னுகிற பச்சையாகிவிடும். மண் தெரிகிற இடத்திலோ புல்லே கிடையாது, அங்கே நிறத்தை மாற்றி என்ன பயன்?

சரி, புதிய புல்லையே வைத்துவிடலாம் என்று, நல்ல புல்தரை ஒன்றின் மேல் நின்று கேமராவை நேர் கீழே பிடித்து எடுத்த படத்தைக் கொண்டுவந்தேன். `Ctrl+T` அழுத்தி, `Distort` மூலம் மேல் முனைகளை உள்ளே இழுத்து முற்றத்தின் வடிவத்துக்குப் பொருத்தினேன். நிழலுக்கு ஒரு சாம்பல் லேயரை `Multiply`யில் போட்டு முடித்து அனுப்பினேன்.

"தம்பி, புல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கேப்பா" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது சரி. எது சரியில்லை என்று எனக்குப் பிடிபடத்தான் இரண்டு நாள் ஆனது.

மேலிருந்து எடுத்த புல் படத்தில் தெரிவது இதழ்களின் நுனியும் அவற்றுக்கு இடையே உள்ள இருட்டுப் பள்ளங்களும். நாம் நின்று ஒரு புல்வெளியைப் பார்க்கும்போது, காலடியில்தான் அப்படித் தெரியும். பத்தடி தள்ளிப் பார்த்தால் இதழ்களின் பக்கவாட்டுதான் தெரிகிறது, பள்ளங்கள் முன்னால் நிற்கும் இதழ்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. `Distort` ஒரு தட்டையான படத்தைச் சாய்க்குமே தவிர, அதில் இல்லாத பக்கவாட்டை உண்டாக்கித் தராது. தரை ஓடு, செங்கல் பாதை போன்ற உண்மையிலேயே தட்டையான பரப்புகளுக்கு அந்த வழி போதும். புல்லுக்கு உயரம் இருக்கிறது. `Vanishing Point` ஃபில்டரிலும் இதே சிக்கல்தான்.

ஆகவே, புல்லை எந்தக் கோணத்தில் பார்க்கவேண்டுமோ அதே கோணத்தில் எடுத்த படம்தான் வேண்டும். அதற்கு முதலில் பழைய படத்தை எடுத்த கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரியவேண்டும். இதைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பாதையின் இரண்டு ஓரங்களும் நிஜத்தில் இணைகோடுகள். படத்தில் அவற்றை நீட்டிக்கொண்டே போனால் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகக் கிடையாக ஒரு கோடு போட்டால் அதுதான் அடிவானம், வீடும் மதிலும் மறைத்திருந்தாலும். தரை சமமாக இருந்து கேமரா பக்கவாட்டில் சாயாமல் இருந்தால் இது தப்பாது. ஜன்னலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அதே மாதிரி நீட்டி, அவையும் அந்தக் கோட்டிலேயே சந்திக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

அடிவானக் கோடு தரையில் நிற்கும் எந்தப் பொருளையும் கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்தபின் இந்த வேலையே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. என் படத்தில் அந்தக் கோடு வாசல் கதவைக் குறுக்கே வெட்டியது. கதவின் அளவும் வாசற்படியின் உயரமும் அண்ணனுக்குத் தெரியும். படியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தரையிலிருந்து 1.5 மீட்டர் வந்தது. ஒருவர் நின்றபடி கண்ணுக்குச் சற்றுக் கீழே பிடித்து எடுத்திருக்கிறார். எந்த லென்ஸ் என்பது படக் கோப்பின் விவரங்களிலேயே இருந்தது: 24 மி.மீ., முழு அளவு சென்சார்.

அதே உயரத்தில் டிரைபாட் வைத்து, அதே 24 மி.மீ. லென்ஸில், ஒரு பெரிய புல் மைதானத்தை எடுத்தேன். அடிவானம் படத்தின் உள்ளே வரும்படி எடுத்ததுதான் முக்கியம். வீட்டுப் படத்தின் மேல் அதை வைத்து, இரண்டு அடிவானங்களையும் ஒன்றாக்கினேன். அவ்வளவுதான், தூர அளவுகள் தாமாகப் பொருந்திவிட்டன. சாய்க்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு புல் லேயரை இடமும் வலமும் மட்டுமே நகர்த்தலாம். கொஞ்சம் மேலே தூக்கினால் நன்றாக இருக்குமே என்று கை போகும். தூக்கினால் அடிவானம் விலகி, புல் பின்பக்கம் ஏறும் சரிவாகத் தெரியும்.

இப்படி ஒரே படத்தால் முற்றம் முழுவதையும் மூடியதில் இன்னொரு லாபமும் இருந்தது. சிறிய துண்டை ஒட்டி ஒட்டி நிரப்பினால் ஒரே காய்ந்த இலை எட்டு இடத்தில் எட்டிப் பார்க்கும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

பொருந்தியதா என்பதை எப்படிச் சோதிப்பது? ஒரு எளிய கணக்கு உண்டு. அடிவானக் கோட்டுக்குக் கீழே எத்தனை பிக்சல் என்று எண்ணி, அதைக் கேமரா உயரத்தால் வகுத்தால், தரையில் அந்த இடத்தில் ஒரு மீட்டர் எத்தனை பிக்சல் என்று கிடைக்கும். என் படத்தில் புல்வெளியின் கீழ் விளிம்பு அடிவானத்திலிருந்து 2160 பிக்சல் கீழே இருந்தது. 1.5-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 1440. வீட்டோரம் புல் முடியும் இடம் 400 பிக்சல் கீழே, அங்கே மீட்டருக்கு 267. நான்கு மி.மீ. அகலமுள்ள ஒரு புல்லிதழ் முன்பக்கம் ஏறக்குறைய 6 பிக்சல் அகலம், வீட்டோரம் ஒரே ஒரு பிக்சல். அதாவது வீட்டுக்கு அருகே தனித்தனி இதழ் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவே கூடாது, மெல்லிய சொரசொரப்பு மட்டும்தான் இருக்கவேண்டும். என் முதல் படத்தில் வாசற்படி அருகே ஒவ்வொரு இதழும் தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் அது ஒரு விரற்கடை அகலமுள்ள புல்லாக இருந்திருக்கவேண்டும்!

அப்புறம் நிழல். மனசுக்குப் பிடித்த பகுதி இதுதான், அதிக நேரம் தின்றதும் இதுதான்.

முதல் முறை நான் போட்ட சாம்பல் நிழல் ஏன் ஒட்டவில்லை என்பதைப் பாதை சொல்லிக்கொடுத்தது. அதே மரத்தின் அதே நிழல் சிமெண்ட் மேலும் விழுந்திருக்கிறதே. சிமெண்டுக்குச் சொந்த நிறம் அதிகம் இல்லாததால், நிழல் வெளிச்சத்தை என்ன செய்கிறது என்று அதில் அளந்துவிடலாம். வெயில் பட்ட இடத்தில் 212, 204, 192. நிழலில் 92, 96, 104. சிவப்பு 43 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பச்சை 47, நீலம் 54. நிழலில் வெயில் இல்லை, வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுகிறது. அதனால்தான் நீலம் குறைவாகக் குறைந்திருக்கிறது. இந்த விகிதங்களை 255-ஆல் பெருக்கினால் 111, 120, 138. `Multiply` என்பது பெருக்கல்தான், ஆகவே இந்த நிறத்தை நிரப்பிய லேயரை `Multiply`யில் வைத்தால் புல்மேல் விழும் நிழலும் பாதைமேல் விழும் நிழலும் ஒரே நிழலாகத் தொடரும். பாதைக் கோட்டைத் தாண்டும்போது நிழலின் நிறம் குதிக்கிறதா என்று பார்ப்பதுதான் இதற்குச் சோதனை.

அடுத்து, நிழலின் வடிவம். பழைய புல்வெளியிலிருந்தே அதை எடுக்கவேண்டும், ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நிழல் ஓர் இருட்டு, பச்சைத் திட்டுகள் இன்னோர் இருட்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி `Levels` போட்டால், வெயிலில் இருக்கும் பச்சைத் திட்டும் நிழல் போலவே வந்துவிடும். இதற்கு `Channels` பேனலில் ஒவ்வொரு சேனலாகப் பார்த்தேன். சிவப்பு சேனலில் வெயில் பட்ட பச்சைப் புல் 85, நிழலில் இருக்கும் காய்ந்த புல் 77. இரண்டும் ஏறக்குறைய ஒன்று, பிரிக்கவே முடியாது. பச்சை சேனலில் அதே இடங்கள் 125, 80. உயிருள்ள புல் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், பச்சையை அந்த அளவுக்கு விழுங்காது. அதனால் பச்சை சேனலில் காய்ந்ததற்கும் காயாததற்கும் வித்தியாசம் குறைந்து, நிழல் மட்டும் எடுப்பாக நிற்கிறது.

அந்தப் பச்சை சேனலை நகலெடுத்து, புல்லின் சொரசொரப்பு போக `Median` ஃபில்டரை 6 பிக்சலில் ஓடவிட்டு, `Levels`-இல் கறுப்பை 80-க்கும் வெள்ளையை 125-க்கும் இழுத்தேன். மரத்தின் நிழல் முழுசாக வெளியே வந்தது. மண் திட்டுகளில் மட்டும் சில ஓட்டைகள். பிரஷை `Overlay`யில் வைத்துக் கறுப்பால் தடவினால் அவை அடைபடும். முழு வெள்ளையை அந்த பிரஷ் தொடாது, அதனால் ஓரம் கெடாது. இலைகளுக்கு நடுவே விழும் வெயில் பொட்டுகளையும் இந்த ஓட்டைகள் என்று நினைத்து அடைத்துவிடக்கூடாது. தரையில் படுத்த நீள்வட்டமாக இருந்தால் அது வெயில். கண்டபடி கிழிந்த வடிவமாக இருந்தால் அது மண்.

ஓரத்தின் மென்மையையும் திருப்பித் தரவேண்டும், `Levels` அதைக் கெட்டியாக்கிவிடுகிறது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலம் உள்ளது. அதனால் நிழல் தரும் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு நிழலின் ஓரம் மங்கும். அடிமரத்தின் நிழல் தரையைத் தொடும் இடத்தில் கத்தி போல இருக்கும். ஆறு மீட்டர் தள்ளி உள்ள கிளையின் நிழலில் ஓரம் ஐந்தாறு சென்டிமீட்டர் மங்கியிருக்கும். அது விழுந்த இடத்தில் மீட்டருக்கு 600 பிக்சல் என்பதால், முப்பதுக்குக் கொஞ்சம் மேல் பிக்சல். இப்படி எடுத்த நிழல் மாஸ்க்கை இரண்டு நகலாக்கி ஒன்றை மட்டும் `Gaussian Blur` 12-இல் மங்கலாக்கி, மரத்தடியில் கூர்மையானதும் கிளைப்பக்கம் மங்கலானதும் தெரியும்படி இரண்டையும் கலந்தேன். முழு நிழலையும் ஒரே அளவில் மங்கலாக்குகிறவர்கள்தான் அதிகம். பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் மரம் தரையில் ஊன்றாமல் மிதப்பது போலத் தோன்றும்.

இவ்வளவும் செய்து பார்த்தால், நிழல் பகுதி இன்னும் எதுவோ மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நிழலுக்குள் புல்லிதழ்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. நான் மைதானத்தில் எடுத்தது வெயில் படம். வெயிலில் ஒவ்வொரு இதழும் ஒரு பக்கம் மின்னி, பக்கத்து இதழ்மேல் சின்ன நிழலையும் போடும். அதன்மேல் `Multiply` போட்டால் மினுக்கம் இருட்டாகிறதே தவிர, மறைவதில்லை. நிழலுக்குள் இன்னொரு வெயில் அடிக்கிற மாதிரி. நிஜ நிழலில் புல் மந்தமாக, சமமாகத் தெரியும்.

மறுபடி மைதானத்துக்குப் போனேன். அதே உயரம், அதே லென்ஸ். வீட்டுப் படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து வந்ததால் அதற்கேற்ற நேரம் பார்த்து, டிரைபாடை அசைக்காமல் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று வெயிலில். இன்னொன்று மேகம் வந்து சூரியனை மறைத்தபோது. மேகத்துக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், நாயோடு நடக்க வந்தவர்கள் எல்லோரும் என்ன அளக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வெயில் புல் அடியில், மேகப் புல் அதன்மேல், மேகப் புல்லுக்கு மாஸ்க்காக, `Ctrl+I` அழுத்திக் கறுப்பை வெள்ளையாக மாற்றிய அந்த மரநிழல். இப்போது `Multiply` லேயரே தேவையில்லை. மேகப் புல்லின் சராசரி நிறத்தை மட்டும் நிழலின் அளவுக்கு இறக்கவேண்டும். வெயில் புல்லின் ஒரு பகுதியை நகலெடுத்து `Blur > Average` கொடுத்தபோது 118, 139, 62 வந்தது. சிமெண்டில் அளந்த அதே விகிதங்களால் பெருக்கினால் 51, 65, 34. `Curves`-இல் மூன்று சேனலையும் தனித்தனியாக இறக்கி, மேகப் புல்லின் சராசரியை அங்கே கொண்டுவந்தேன். மைதானத்துக்கு இன்னொரு முறை போக வழியில்லாதபோது, நிழல் மாஸ்க்குக்குள் மட்டும் `Camera Raw Filter`-இல் `Texture`, `Clarity` இரண்டையும் குறைத்து `Multiply`யிலேயே சமாளித்திருக்கிறேன். தூரத்தில் அது போதும், முன்பக்கத்தில் பிடிபட்டுவிடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நல்ல புல் என்று நம் மனதில் இருக்கும் பச்சை வேறு, கேமராவில் பதியும் பச்சை வேறு. மேலே சொன்ன 118, 139, 62-ஐ `Color Picker`-இல் போட்டுப் பாருங்கள், `Hue` 76 டிகிரி காட்டும். மஞ்சள் 60, சுத்தப் பச்சை 120. அதாவது ஆரோக்கியமான புல்கூட மஞ்சளுக்குத்தான் நெருக்கம். என் முதல் படத்தில் 110 வரை தள்ளியிருந்தேன். அண்ணன் சொன்ன பாயின் நிறம் அதுதான்.

விளிம்புகளில் நின்று செய்யவேண்டிய வேலை கொஞ்சம் இருந்தது. பாதையோரம் மாஸ்க்கை நேர்கோடாக வெட்டினால் கத்தரித்து ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். இதழ்கள் சிமெண்ட் மேல் ஓரிரு சென்டிமீட்டர் சாய்ந்து, ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். முன்பக்கம் பதினைந்து முதல் முப்பது பிக்சல், பின்பக்கம் போகப்போக மூன்று முதல் ஐந்து. புல் வடிவ பிரஷ் ஒன்றை அளவு மாற்றி மாற்றி மாஸ்க்கின் ஓரத்தில் ஓட்டினேன்.

பூந்தொட்டியை நான் மறந்தே போயிருந்தேன். காய்ந்த புல் படிந்து கிடந்ததால் பழைய படத்தில் தொட்டியின் அடிவட்டம் முழுதும் தெரிந்தது. புதிய புல் நான்கு விரற்கடை உயரம் இல்லாவிட்டாலும் மூன்று சென்டிமீட்டராவது நிற்கும். அந்த இடத்தில் அது 14 பிக்சல். தொட்டியின் அடிப்பகுதியை அந்த அளவுக்குப் புல் மறைக்கும்படி மாஸ்க்கில் வரைந்தேன். தொட்டி புல்லைத் தொடும் இடத்தில் மெல்லிய இருட்டு ஒன்றும் போட்டேன். அந்த இருட்டு வெயில் பக்கத்திலும் வேண்டும். மர நிழலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, இடுக்குக்குள் வெளிச்சம் போகாததால் வருவது.

படத்தை அனுப்பியதும் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, மரத்தடியிலயும் புல்லு இவ்வளவு அடர்த்தியா போட்டிருக்கியே. அந்த நிழல்ல அப்படி வளராது. நாளைக்கு என்னைப் பிடிச்சுக் கேப்பாங்க."

மாஸ்க்கைத் திறந்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லை அழித்து, பழைய மண்ணையே தெரியவிட்டேன். நிழல் அங்கே ஏற்கனவே இருந்தது, எதையும் தொடவேண்டியிருக்கவில்லை.